ஆக்ஸில் சொருகிய ப்ளூடூத் ரிசீவர் இரைகிறது, விட்டு விட்டுப் பாடுகிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய ஸ்டீரியோ ஆம்பின் ஆக்ஸ் இன்புட்டில் சின்ன ப்ளூடூத் ரிசீவரைச் சொருகி, போனிலிருந்து பாட்டுக் கேட்பவர்களுக்கான பக்கம் இது. யு.எஸ்.பி. குச்சி போல இருப்பது, தீப்பெட்டி அளவில் டப்பாவாக வருவது, உள்ளேயே பேட்டரி உள்ளது என எந்த வகை ரிசீவருக்கும் இங்கே சொல்வது பொருந்தும். இரைச்சல் பற்றிய கேள்விகள் முதலில். பாட்டு அறுந்து போவது பற்றியவை பின்பாதியில்.

"ஸ்பீக்கரில் எப்போதும் ஒரு சத்தம் இருக்கு. ரிசீவர்ல இருந்து வருதா, ஆம்ப்ல இருந்து வருதான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

எதையும் வாங்குவதற்கு முன் ஐந்து நிமிடம் செலவழித்து ஒரு சோதனை செய்யுங்கள். நீங்கள் வழக்கமாகப் பாட்டுக் கேட்கும் அளவில் ஆம்பின் வால்யூமை வைத்துவிட்டு, சோதனை முடியும்வரை அந்தக் குமிழைத் தொடாதீர்கள். கேபிளைக் கழற்றும்போதும் சொருகும்போதும் மட்டும் ஒரு கணம் முழுக்கக் குறைத்து, பிறகு அதே இடத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஸ்பீக்கரில் 'டப்' என்று அடிக்கும்.

முதலில் ஆக்ஸ் கேபிளை ஆம்பின் பின்பக்கத்திலிருந்து கழற்றுங்கள். ரிசீவர் பக்கம் மட்டும் கழற்றி கேபிளைத் தொங்க விடக்கூடாது. தொங்கும் கேபிள் ஆன்டெனாவாகி, இல்லாத ஹம்மையெல்லாம் இழுத்துக்கொண்டு வரும். கழற்றிய பிறகும் அதே சத்தம் இருந்தால் அது ஆம்பின் சத்தம். ரிசீவரை மாற்றிப் பயனில்லை.

சத்தம் போய்விட்டால் கேபிளை மறுபடி சொருகுங்கள், ரிசீவருக்குக் கரண்ட் கொடுக்காமல். இப்போது அமைதி, கரண்ட் கொடுத்ததும் சத்தம் என்றால் சந்தேகம் மின்சாரம் வரும் வழியின் மேல். கரண்ட் கொடுத்தும் அமைதி, போன் இணைந்த பிறகுதான் சத்தம் என்றால் ரிசீவருக்குள் இருக்கும் ரேடியோவும் ஆடியோ சிப்பும் காரணம். பல ரிசீவர்கள் பாட்டு ஓடாதபோது அவுட்புட்டைத் தாமே அடைத்துவிடும். அதனால் போனை இணைத்து, பாட்டை ஓடவிட்டு, போனின் வால்யூமை மட்டும் பூஜ்ஜியமாக்கிக் கேளுங்கள். அப்போது கேட்பதுதான் உண்மையான இரைச்சல்.

கடைசியாக, ரிசீவரைச் சார்ஜரிலிருந்து பிடுங்கி ஒரு பவர் பேங்கில் போடுங்கள். பேட்டரி உள்ள ரிசீவர் என்றால் சார்ஜ் கேபிளைக் கழற்றினால் போதும். இந்த ஒரு சோதனைதான் பிரச்சினையை இரண்டாகப் பிரித்துக் காட்டும். பவர் பேங்கில் சத்தம் அடியோடு போனால் ரிசீவர் நல்லது. அதற்குக் கரண்ட் வரும் வழிதான் கெட்டது.

"பவர் பேங்கில் போட்டா சுத்தமா இருக்கு. ஆம்பிலேயே இருக்கிற யு.எஸ்.பி. போர்ட்ல குத்தினா 'கொய்ங்'னு ஒரு சத்தம், நடுநடுவே 'ட்ர்ர்ர்'. ஏன்?"

எங்களுக்கு வரும் கேள்விகளில் மிகப் பழகியது இது. குச்சி வகை ரிசீவரை ஆம்பின் யு.எஸ்.பி. ஓட்டையில் சொருகி, அதன் முனையிலிருந்து 3.5 மி.மீ. கேபிளை அதே ஆம்பின் ஆக்ஸுக்குக் கொண்டு போவது பார்க்க அழகாக இருக்கும். மின்சாரக் கணக்கில் அது மோசமான ஏற்பாடு.

ரிசீவர் இழுக்கும் கரண்ட் யு.எஸ்.பி.யின் 5 வோல்ட் கம்பி வழியாக வந்து, யு.எஸ்.பி.யின் கிரவுண்ட் வழியாகத் திரும்ப வேண்டும். ஆனால் ரிசீவருக்குள் யு.எஸ்.பி. கிரவுண்டும் ஆடியோ கிரவுண்டும் ஒன்றுதான். ஆடியோ கேபிளின் வெளிச் சடையான ஷீல்டு அதே ஆம்பின் கிரவுண்டுக்குப் போகிறது. ஆகத் திரும்பிப் போக இரண்டு வழி கிடைக்கிறது. கரண்ட் இரண்டிலும் பிரிந்து ஓடும். ஆடியோ ஷீல்டில் ஓடும் பங்கு அந்தக் கம்பியின் தடையில் ஒரு சிறு வோல்டேஜை உண்டாக்குகிறது. ஆம்ப் பாட்டைப் படிப்பதே சென்டர் பின்னுக்கும் ஷீல்டுக்கும் இடையிலான வித்தியாசத்தை வைத்துத்தான். எனவே அந்தச் சிறு வோல்டேஜும் பாட்டோடு சேர்ந்து பெருகும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ரிசீவர் இழுக்கும் கரண்ட் ஒரே சீராக இருக்காது. ரேடியோ நொடிக்குப் பல நூறு முறை விழித்துத் தூங்குவதால் அது ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கம் 20 மில்லி ஆம்பியர் என்றும், பாதி ஷீல்டில் போகிறது என்றும், ஷீல்டும் ப்ளக்கும் சேர்ந்து 0.1 ஓம் என்றும் வைத்துக்கொள்வோம். 10 மில்லி ஆம்பியரை 0.1 ஓமால் பெருக்கினால் 1 மில்லி வோல்ட். கேட்க அற்பமாகத் தெரியும். ஆனால் 200 மில்லி வோல்ட் வந்தால் முழுச் சக்தியையும் தரும் 50 வாட் ஆம்பில், வால்யூம் முழுதாக இருக்கும்போது இந்த 1 மில்லி வோல்ட் ஸ்பீக்கரில் 1.25 மில்லி வாட் ஆகிறது. 88 டெசிபல் திறனுள்ள ஸ்பீக்கரில் அது ஒரு மீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 59 டெசிபல், அதாவது ஒருவர் சாதாரணமாகப் பேசும் அளவு. குமிழைக் குறைத்தால் அதுவும் குறையும்தான். இருந்தாலும் இரவில், வீடு அடங்கிய பிறகு, மெதுவான பாட்டின் இடைவெளிகளில் நன்றாகவே கேட்கும்.

ரேடியோ விழித்துத் தூங்கும் வேகம் காதுக்குக் கேட்கும் அலைவரிசைக்குள்ளேயே விழுகிறது. ப்ளூடூத்தின் அடிப்படை நேரத்துண்டு 625 மைக்ரோ நொடி. அனுப்பவும் பதில் வாங்கவும் இரண்டு துண்டு சேர்ந்தால் 1.25 மில்லி நொடி. அது 800 ஹெர்ட்ஸ். பாட்டு ஓடும்போது பாக்கெட்டுகள் நீளமாவதால் சுருதி கீழே இறங்கும். போன் இணைப்பைத் தேடும்போது ஒரு மாதிரியும், பாடும்போது வேறு மாதிரியும் அந்தச் சத்தம் கேட்பது இதனால்தான்.

தீர்வு எளிது: ஆம்பின் யு.எஸ்.பி. போர்ட்டை விட்டுவிட்டு, சுவரில் தனியாக ஒரு நல்ல போன் சார்ஜரிலிருந்து ரிசீவருக்குக் கரண்ட் கொடுங்கள். 5 வோல்ட் 1 ஆம்பியர் தாராளம். போனோடு வந்த பழைய சார்ஜர் பெரும்பாலும் போதும். கரண்ட் திரும்ப ஒரே வழிதான் இருக்கும், இரண்டு கிரவுண்ட் வழிகளும் சேர்ந்து உண்டாக்கிய லூப் அறுந்துவிடும்.

"தனி சார்ஜர்ல போட்டாச்சு. 'கொய்ங்' போயிடுச்சு, ஆனா அடியில 'ம்ம்ம்'னு ஹம் இருக்கு."

ஹம் என்றால் 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும். இரண்டு பின் சார்ஜருக்குள், கரண்ட் வரும் பக்கத்துக்கும் 5 வோல்ட் பக்கத்துக்கும் இடையே ஒரு சின்ன கெப்பாசிட்டர் இருக்கும். ரேடியோ இடைஞ்சலை அடக்க வைத்தது அது. அதன் வழியாக மிகச் சிறிய கரண்ட் கசியும். அது ஆக்ஸ் கேபிளின் ஷீல்டு வழியாக ஆம்புக்கு வந்து, அங்கிருந்து எர்த்துக்குப் போகப் பார்க்கும். ஷீல்டு நன்றாகத் தொட்டுக்கொண்டிருந்தால் இந்தக் கசிவு எந்தத் தொந்தரவும் தராது. ஆர்.சி.ஏ. ப்ளக்கின் வெளி வளையம் தளர்ந்தோ பச்சை பிடித்தோ இருந்தால் 0.1 ஓம் இருக்க வேண்டிய இடத்தில் பல ஓம் வந்துவிடும். அப்போதுதான் ஹம் காதுக்கு எட்டும்.

அதனால் முதல் வேலை கனெக்டர்தான். ஆம்பை அணைத்து, ஆர்.சி.ஏ. சாக்கெட்டின் வெளிப்புறத்தை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, ப்ளக்கின் வெளி இதழ்களை நோஸ் பிளையரால் லேசாக உள்பக்கம் அழுத்துங்கள். சொருகும்போது இறுக்கமாகப் போக வேண்டும். பிறகு ஆம்ப் ஓடும்போது ப்ளக்கை விரலால் லேசாக அசைத்துப் பாருங்கள். அசைக்க அசைக்க ஹம் ஏறி இறங்கினால் இன்னும் சரியாகவில்லை, கேபிளையே மாற்றிவிடுங்கள். இரண்டு பின் ப்ளக்குகளைத் திருப்பிச் சொருகிப் பார்ப்பதற்கும் செலவில்லை, சில வீடுகளில் குறையும்.

கனெக்டரில் குறையில்லை, ஹம் மட்டும் போகவில்லை என்றால் ஆம்போடு வேறு என்னென்ன இணைந்திருக்கிறது என்று பாருங்கள். டிஷ் அல்லது கேபிள் டிவி செட்டாப் பாக்ஸின் ஆடியோவும் அதே ஆம்புக்குப் போகிறதா? அந்தக் கோஆக்சியல் கம்பியின் ஷீல்டு வெளியே எங்கோ எர்த் ஆகியிருக்கும். ரிசீவரோ, மூன்று பின் எர்த்துள்ள கம்ப்யூட்டரின் யு.எஸ்.பி.யில் தொங்கிக்கொண்டிருக்கும். இரண்டு எர்த்துகளுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் முழுவதும் உங்கள் ஆடியோ ஷீல்டில் ஓடும். செட்டாப் பாக்ஸின் கோஆக்சியலை ஒரு நிமிடம் கழற்றிப் பாருங்கள். ஹம் உடனே நின்றால் இதுதான் காரணம்.

"எர்த் பின்னை உடைச்சுட்டா ஹம் போயிடும்னு சொல்றாங்களே?"

போகும். ஆனால் ஆம்புக்குள் ஒரு இன்சுலேஷன் கெட்டால் மெட்டல் பெட்டி முழுவதும் 230 வோல்ட் ஏறும், கூடவே ஆர்.சி.ஏ. கேபிள், ரிசீவர் எல்லாவற்றிலும் ஏறும். செய்யவே கூடாது. லூப்பை ஆடியோ பக்கத்திலோ 5 வோல்ட் பக்கத்திலோ அறுக்க வேண்டுமே ஒழிய எர்த்தில் அல்ல.

"கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்னு ஒரு டப்பா விக்கிறாங்க. வாங்கலாமா?"

வேலை செய்யும், ஆனால் முதலில் வாங்க வேண்டிய பொருள் அல்ல. அதற்குள் இருப்பது இரண்டு குட்டி ஆடியோ டிரான்ஸ்பார்மர்கள், இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. பாட்டு காந்தப்புலமாக மாறித் தாண்டிவிடும், ஷீல்டு நடுவில் அறுந்திருக்கும். ஹம்மும் 'கொய்ங்'கும் ஒரே வீச்சில் நிற்கும்.

அதற்கு விலை பாஸ். சில நூறு ரூபாய் டப்பாவில் உள்ள டிரான்ஸ்பார்மரின் இரும்பு மிகச் சிறியது. கீழ் ஸ்தாயியில், அதுவும் சத்தம் கூடும்போது, அது நிறைந்துபோய்த் தவிலும் பாஸ் கிட்டாரும் குழம்பலாகக் கேட்கும். சின்ன புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கரில் இது தெரியாமலே போகலாம். சப்வூஃபர் வைத்திருப்பவர் உடனே கண்டுபிடிப்பார். வாங்கினால் ஆம்புக்குப் பக்கத்தில் இருக்கும்படி சொருகுங்கள். நன்றாகப் பழகிய ஒரு பாட்டை ஐசொலேட்டரோடும் இல்லாமலும் போட்டு, பாஸை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

சால்டரிங் தெரிந்தவர்களுக்கு இதைவிட நல்ல வழி உண்டு. ஆடியோவைத் தொடாமல் கரண்டை மட்டும் பிரித்துவிடலாம். B0505S என்று ஒரு கட்டைவிரல் நகம் அளவு மாட்யூல் கிடைக்கிறது. ஒரு பக்கம் 5 வோல்ட் கொடுத்தால் மறுபக்கம் தனியான 5 வோல்ட் வரும். இரண்டுக்கும் இடையில் கம்பித் தொடர்பே கிடையாது. 1 வாட் வகை 200 மில்லி ஆம்பியர் தரும். பேட்டரி இல்லாத ரிசீவருக்கு அது போதும். உள்ளே பேட்டரி உள்ள ரிசீவர் சார்ஜ் ஆகும்போது அதைவிட அதிகம் இழுக்கலாம். அதற்கு இது பொருந்தாது.

ஒரு பழைய யு.எஸ்.பி. கேபிளை நடுவில் வெட்டி, சிவப்பையும் கறுப்பையும் இந்த மாட்யூலின் இரு பக்கங்களிலும் சேர்த்து, உள்வரும் பக்கமும் வெளிப்போகும் பக்கமும் தலா 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று வையுங்கள். பின் வரிசை தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும், டேட்டாஷீட்டைப் பார்த்துத்தான் பற்ற வைக்க வேண்டும். கேபிளின் வெளிச் சடையையும் இரண்டு கறுப்புக் கம்பிகளையும் தவறிக்கூட ஒன்றோடொன்று சேர்த்துவிடாதீர்கள்; சேர்ந்தால் மாட்யூல் இருந்தும் இல்லாத மாதிரிதான். முடித்ததும் மல்டிமீட்டரில் இரண்டு கிரவுண்டுக்கும் இடையே கன்டினியூட்டி பாருங்கள், பீப் வரக்கூடாது. ரிசீவரைச் சொருகும் முன் வெளிப்பக்க வோல்டேஜையும் பாருங்கள். லோடு இல்லாமல் 5-ஐ விடச் சற்று கூடக் காட்டும், லோடு ஏறினால் இறங்கிவிடும். இதைப் போட்ட பிறகு ஆம்பின் சொந்த யு.எஸ்.பி. போர்ட்டிலேயே ரிசீவரை ஓட்டலாம்.

யு.எஸ்.பி. கேபிளில் கவ்வும் ஃபெரைட் உருண்டை பற்றியும் கேட்கிறார்கள். அது ரேடியோ அலைவரிசை இடைஞ்சலுக்குத்தான். ஹம்முக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

"பவர் பேங்கில் போட்டாலும் 'உஸ்ஸ்'னு மழை பெய்யிற மாதிரி இரைச்சல் போகலை."

அப்படியென்றால் அது கிரவுண்ட் சம்பந்தப்பட்டது அல்ல. ரிசீவரின் அவுட்புட் நிலையிலேயே இருக்கும் இரைச்சல். அதை அடியோடு போக்க முடியாது, பாட்டுக்குக் கீழே புதைக்கலாம்.

பெரும்பாலோர் போனின் வால்யூமைப் பாதியில் வைத்துவிட்டு, சத்தம் போதவில்லை என்று ஆம்பின் குமிழைத் திருகுகிறார்கள். ரிசீவரின் இரைச்சல் போன் வால்யூமைப் பொறுத்துக் கூடுவதோ குறைவதோ இல்லை, அது ஒரே அளவில் இருக்கும். போனில் பாட்டைக் குறைத்தால் பாட்டு மட்டும் குறைகிறது. ஆம்பில் ஏற்றும்போது பாட்டும் இரைச்சலும் சேர்ந்து ஏறுகின்றன. போனைக் கடைசி வரை ஏற்றி, ஆம்பில் குறையுங்கள். பாதிப் பேருக்கு இதோடு தீர்ந்துவிடும். முழு வால்யூமில் பாட்டு கரகரத்தால் மட்டும் ஒன்றிரண்டு படி கீழே வாருங்கள்.

ஆண்ட்ராய்டில் ஒரு சிக்கல் உண்டு. போனின் குமிழும் ரிசீவரின் உள் வால்யூமும் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கும். சில மலிவு ரிசீவர்கள் இந்தக் கட்டளையைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல், போன் முழுதாகக் காட்டும்போதும் உள்ளே தாழ்வாகவே நிற்கும். டெவலப்பர் ஆப்ஷன்ஸில் `Disable absolute volume` என்பதை ஆன் செய்து, ப்ளூடூத்தை அணைத்துப் போட்டுப் பாருங்கள். ரிசீவரில் பிளஸ், மைனஸ் பட்டன் இருந்தால் அதையும் உச்சத்துக்கு ஏற்றிவிடுங்கள்.

சில ஆம்புகளில் வேறு மாதிரி அவதி. ஆக்ஸ் மிகக் கூர்மையாக இருப்பதால் குமிழை எட்டு மணி நிலையிலிருந்து கொஞ்சம் நகர்த்தினாலே அறை அதிரும். வேறு வழியின்றிப் போனில் குறைக்க வேண்டியிருக்கும். அங்கே ஒவ்வொரு சேனலிலும் பாட்டு வரும் கம்பியில் தொடராக 10 கிலோ ஓம், அதற்கு அடுத்து ஆம்ப் பக்கத்தில் சிக்னலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 4.7 கிலோ ஓம் போடுங்கள். கால் வாட் ரெசிஸ்டர் போதும், மொத்தம் நான்கு. சிக்னல் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் கீழே இறங்கும், கிட்டத்தட்ட 10 டெசிபல். இப்போது போனை முழுதாக வைத்துக்கொண்டு ஆம்பின் குமிழை வசதியான இடத்தில் நிறுத்தலாம்.

"ஆக்ஸ் ஓட்டை காலியா இல்லை. ஃபோனோ ஓட்டையில சொருகினேன், பயங்கர இரைச்சல்."

அது இசைத்தட்டு ஊசிக்கு உள்ள இன்புட். சில மில்லி வோல்ட்டை நூறு மடங்கு அளவுக்குப் பெருக்கும், பாஸைத் தூக்கி மேல் ஸ்தாயியை இறக்கும். உடனே கழற்றுங்கள். டேப், சிடி, டியூனர், வீடியோ என்று எழுதிய எந்த இன்புட்டும் ஆக்ஸ் மாதிரிதான். டேப்பில் மட்டும் 'ப்ளே' அல்லது 'இன்' என்று இருக்கும் ஜோடியைப் பாருங்கள், 'ரெக்' அல்லது 'அவுட்' அல்ல.

"பாட்டு விட்டு விட்டு வருது."

எப்படி விடுகிறது என்பதைக் கவனித்தால்தான் எங்கே தேடுவது என்று தெரியும். பாதி நொடி, கால் நொடி என்று துண்டு துண்டாக அறுந்து, உடனே தொடர்கிறதென்றால் ரேடியோ பிரச்சினை. பாட்டு அப்படியே நின்று பல நொடி கழித்து, விட்ட இடத்திலிருந்தே தொடர்கிறதென்றால் இன்டர்நெட் தேங்குகிறது, ப்ளூடூத்துக்குச் சம்பந்தமில்லை. இணைப்பே அறுந்து, ரிசீவர் விளக்கு மின்னி, மறுபடி 'கனெக்டட்' என்று குரல் கொடுக்கிறதென்றால் ரிசீவருக்குக் கரண்ட் சரியாக வரவில்லை, அல்லது வீட்டில் இன்னொருவர் போன் அதைப் பிடித்துக்கொள்கிறது.

உறுதிசெய்ய, போனில் ஒரு பாட்டை டவுன்லோடு செய்துகொண்டு, விமானப் பயன்முறையைப் போட்டு, ப்ளூடூத்தை மட்டும் ஆன் செய்து, ரிசீவருக்கு ஒரு மீட்டர் தூரத்தில் மேசைமேல் போனை வைத்துப் பத்து நிமிடம் ஓட்டுங்கள். இதில் ஒரு அறுப்பும் இல்லையென்றால் ரிசீவரும் அதன் கரண்டும் நலம். பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே வாருங்கள்: வைஃபை, பாக்கெட், அடுத்த அறை. எதைச் சேர்த்ததும் அறுகிறதோ அதுதான் உங்கள் காரணம்.

"போனைச் சட்டைப் பையில வச்சுக்கிட்டுத் திரும்பினா கட் ஆகுது. ரிசீவரை எங்கே வைக்கணும்?"

2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை உடம்பில் உள்ள தண்ணீர் நன்றாக உறிஞ்சும். நீங்கள் ரிசீவருக்கு முதுகைக் காட்டும்போது போனுக்கும் அதற்கும் நடுவே உங்கள் உடம்பே சுவராகிறது. இதை மாற்ற முடியாது, ரிசீவர் பக்கத்தைச் சரி செய்தால் சமாளிக்கலாம்.

ரிசீவரின் ஆன்டெனா என்பது பலகையின் ஓரத்தில் வளைந்து ஓடும் ஒரு செப்புக் கோடுதான். அதை ஆம்பின் பின்புறம், மெட்டல் பெட்டியோடு ஒட்டி, கேபிள் கூட்டத்துக்குள் வைத்தால் அது செவிடாகிவிடும். உலோகம் அலையை மறைப்பது ஒரு பக்கம். மிக அருகில் இருந்தால் ஆன்டெனாவின் இசைவையே கலைத்துவிடும். மர அலமாரியின் முன்பக்கமோ மேல் தட்டோ, ஆம்பிலிருந்து 30 செ.மீ. தள்ளி, நீங்கள் உட்காரும் இடம் கண்ணுக்குத் தெரியும்படி வையுங்கள். குச்சி வகையாக இருந்தால் ஒரு மீட்டர் யு.எஸ்.பி. எக்ஸ்டென்ஷன் கேபிள் இதற்குப் போதும். அலமாரிக் கதவில் ரசம் பூசிய கண்ணாடியோ ஸ்டீல் தகடோ இருந்தால் கதவைத் திறந்து ஒருமுறை கேளுங்கள். ஆம்பின் டிரான்ஸ்பார்மருக்கு மேலே வைப்பது இரண்டு வகையில் கெடுதல், ஹம்மையும் வாங்கிக்கொள்ளும்.

பெரும்பாலான ரிசீவர்கள் 2.5 மில்லி வாட் வகுப்பு. பெட்டியில் போட்ட 10 மீட்டர் திறந்தவெளிக்கான எண். நடுவே ஒரு செங்கல் சுவர் வந்தாலே அதில் பெரும்பகுதி போய்விடும். கான்கிரீட்டில் கம்பி வேறு இருப்பதால் இன்னும் மோசம்.

"வைஃபை ஆன் பண்ணினா அறுக்குது, ஆஃப் பண்ணினா நல்லா இருக்கு."

ப்ளூடூத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையும் ஒரே இடத்தில் வசிப்பவை. ப்ளூடூத் 79 சின்னச் சானல்களில் நொடிக்கு 1600 முறை வரை தாவும். நெரிசலான சானல்களைத் தானே விலக்கிக்கொள்ளும். ரூட்டர் 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் இருந்தால் விலகிப் போக இடம் இருக்கும். 40 மெகாஹெர்ட்ஸில் வைத்திருந்தால் பாதி இடம் போய்விடும், பக்கத்து வீட்டு ரூட்டர்கள் மீதியை எடுத்துக்கொள்ளும்.

இதைவிடப் பெரிய காரணம் போனுக்குள்ளேயே இருக்கிறது. பல போன்களில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையும் ப்ளூடூத்தும் ஒரே ஆன்டெனாவை நேரம் பங்கிட்டுப் பயன்படுத்தும். பாட்டை வைஃபையில் இறக்கிக்கொண்டே ப்ளூடூத்தில் அனுப்பும்போது, வைஃபையில் பெரிய டவுன்லோடு ஒன்று நுழைந்தால் ப்ளூடூத்துக்கு முறை வராது. ரிசீவரிடம் கையிருப்பில் இருக்கும் பாட்டு ஒரு நொடியின் சிறு பகுதிதான். அது தீர்ந்ததும் அறுப்பு.

போனை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாற்றுங்கள். ரூட்டரில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் கொடுத்தால் போன் தானாகத் திரும்பிப் போகாது. 2.4 பக்கத்தை 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில், 1, 6, 11 ஆகிய மூன்றில் ஒன்றில் வையுங்கள். ரூட்டரும் ரிசீவரும் ஒரே அலமாரியில் இருந்தால் குறைந்தது ஒன்றிரண்டு மீட்டர் பிரியுங்கள். டிவி பெட்டியில் யு.எஸ்.பி. 3 ஹார்டு டிஸ்க் தொங்கினால் அதையும் தள்ளி வையுங்கள். அதன் கேபிள் இதே அலைவரிசையில் இரையும்.

பத்து, பதினைந்து நொடிக்கு ஒருமுறை மணி அடித்த மாதிரி அறுந்தால், போன் பின்னணியில் வைஃபை தேடுகிறது என்று பொருள். ஆண்ட்ராய்டில் லொகேஷன் அமைப்புகளுக்குள் `Wi-Fi scanning`, `Bluetooth scanning` என்று இரண்டு இருக்கும். இரண்டையும் அணைத்துப் பாருங்கள். மைக்ரோவேவ் ஓடும் இரண்டு நிமிடம் மட்டும் அறுந்தால் அடுப்பைக் குறை சொல்லிவிட்டுப் பொறுத்துக்கொள்வதுதான் வழி.

"LDAC ரிசீவர் வாங்கினேன். பழைய மலிவு ரிசீவரைவிட இதுதான் அதிகம் அறுக்குது."

வியப்பில்லை. பாட்டைச் சுருக்கி அனுப்பும் முறைகளில் `LDAC` உச்சத்தில் நொடிக்கு 990 கிலோபிட் அனுப்பும். எல்லா ரிசீவரிலும் இருக்கும் `SBC` முறை நல்ல தரத்தில் 328 தான். காற்றில் மூன்று மடங்கு நேரம் தேவைப்பட்டால், இழந்த பாக்கெட்டைத் திரும்ப அனுப்ப நேரம் மிஞ்சாது. டெவலப்பர் ஆப்ஷன்ஸில் `Bluetooth Audio LDAC Codec: Playback Quality` என்பதைத் திறந்து 660 அல்லது 330-க்கு இறக்குங்கள். போன் நெரிசலைப் பார்த்துத் தானே முடிவு செய்யும் நிலையும் அங்கே உண்டு. பல வீடுகளுக்கு அதுவே போதும். இன்னும் அறுந்தால் `Bluetooth Audio Codec`-இல் `SBC` அல்லது `AAC` வைத்துப் பாருங்கள். சமையல் வேலைக்கு நடுவே கேட்கும் பாட்டில் வித்தியாசம் தெரியாது, அறுப்பு நிச்சயம் தெரியும். ஐபோன் வைத்திருப்பவர் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், அதில் `LDAC` கிடையாது.

"இரைச்சலுக்குப் பயந்து பவர் பேங்கிலேயே ஓட்டுறேன். ஒரு நிமிஷத்துல அணைஞ்சிடுது."

பவர் பேங்க் குறைந்த அளவு கரண்டைக்கூட யாரும் இழுக்கவில்லை என்று கண்டால் தூங்கிவிடும். போன் சார்ஜ் ஆகி முடிந்ததும் தானாக நிற்கச் செய்த ஏற்பாடு அது. ரிசீவர் இழுப்பது சில பத்து மில்லி ஆம்பியர், பல பவர் பேங்குகளுக்கு அது ஆளே இல்லாத கணக்கு. இயர்பட், ஸ்மார்ட் வாட்ச் சார்ஜ் செய்வதற்கான குறைந்த கரண்ட் பயன்முறை சில பவர் பேங்குகளில் உண்டு. பெரும்பாலும் பட்டனை இரண்டு முறை அழுத்தினால் ஆன் ஆகும். அது இல்லாவிட்டால், பவர் பேங்க் சோதனைக்கு மட்டும்; நிரந்தரத்துக்கு நல்ல சார்ஜரும், தேவைப்பட்டால் மேலே சொன்ன B0505S மாட்யூலும்.

"ரிசீவரையே மாத்திடலாம்னு இருக்கேன். எதைப் பார்த்து வாங்கணும்?"

உங்கள் ஆம்பின் பின்பக்கத்தில் சதுரமான சின்ன ஆப்டிக்கல் ஓட்டை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் ஆப்டிக்கல் அவுட் உள்ள ரிசீவர் வாங்குங்கள். பாட்டு ஒளியாகப் போகிறது, இருபுறமும் கம்பித் தொடர்பே இல்லை. ஹம், 'கொய்ங்', ஐசொலேட்டர் எதுவும் தேவைப்படாது, ரிசீவரின் அவுட்புட் இரைச்சலும் கணக்கிலிருந்து போய்விடும்.

ஆக்ஸ் மட்டும்தான் என்றால், 3.5 மி.மீ. முனைக்குப் பதில் நேரடியாக ஆர்.சி.ஏ. சாக்கெட் ஜோடி உள்ளதையும், வெளியே ஆன்டெனா நீட்டியதையும் பாருங்கள். விவரத்தில் அவுட்புட் 2 வோல்ட் என்று இருந்தால் சிடி பிளேயர் அளவுக்குச் சிக்னல் வரும். இரைச்சலைப் புதைப்பது எளிது. பேட்டரி உள்ள ரிசீவரை வீட்டு ஆம்புக்கு வாங்காதீர்கள். எந்நேரமும் சார்ஜில் கிடந்து பேட்டரி ஊதும், சார்ஜ் சர்க்யூட்டின் சத்தமும் கூடவே வரும். ப்ளூடூத் 5.0, 5.3 என்ற எண்ணுக்காக அதிகம் கொடுக்க வேண்டியதில்லை. ஸ்டீரியோ பாட்டு போகும் பழைய வழியில் அந்த எண்ணால் தூரம் கூடிவிடாது. ஆன்டெனா எங்கே இருக்கிறது என்பதே தூரத்தை முடிவு செய்யும்.